மாவு வண்டிக்கு மின்சாரமா, பெட்ரோலா? இன்றைய மதிப்பில் ஒரு கணக்கு

பெட்ரோல் ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டர் ஓட இரண்டேகால் ரூபாய் ஆகிறது. மின் ஸ்கூட்டருக்கு நாற்பது பைசாதான். ஷோரூமில் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்வது உண்மையும்கூட. ஆனால் டெலிவரிக்கு வண்டி வாங்கும் ஒரு சிறு வியாபாரி இந்த ஒரு வரியை நம்பி முடிவெடுக்க முடியாது. கிலோமீட்டருக்கு மிச்சமாகும் பணம் தினமும் சில்லறையாக வருகிறது. மின் வண்டிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் நாற்பதாயிரம் இன்றைக்கே மொத்தமாகக் கையை விட்டுப் போகிறது. பேட்டரி மாற்றும் செலவு வந்தால், அது நாலைந்து வருடம் கழித்து இன்னொரு மொத்தமாக வந்து நிற்கும். மூன்றும் மூன்று வெவ்வேறு காலத்துப் பணம். அவற்றை அப்படியே கூட்டிக் கழிப்பது தவறு. எல்லாவற்றையும் ஒரே நாளுக்கு, அதாவது வண்டி வாங்கும் நாளுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கூட்ட வேண்டும். நிதிக்கணக்கில் இதை இன்றைய மதிப்பு என்கிறோம்.

வட்டிக்குக் கொடுத்து வாங்கியவர்களுக்கு இது புதிய கருத்து இல்லை. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் ஒரு சதவீதம், வருடத்துக்கு 12. இந்த வட்டியில் இன்று 100 ரூபாய் வைத்திருப்பவர் அடுத்த வருடம் 112 பார்ப்பார். ஆகவே அடுத்த வருடம் கைக்கு வரும் 112 ரூபாயின் இன்றைய மதிப்பு 100. ஐந்தாம் வருட முடிவில் வரும் 100 ரூபாயோ இன்றைக்கு 57 ரூபாய்க்குத்தான் சமம். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில், அதாவது வருடம் 24 சதவீதத்தில், அதே 100 ரூபாய் 34 ஆகச் சுருங்கிவிடும். எந்த வட்டியை எடுப்பது என்பதை ஒவ்வொரு கடையும் தன் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வங்கியில் கடன் கிடைக்கும் கடைக்கு 12 பொருந்தும். கையில் பணம் போதாமல் வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கிச் சரக்கு போடும் கடையில், வண்டியில் முடக்கும் ஒவ்வொரு ரூபாயும் 24 சதவீதப் பணம். இரண்டு வட்டியிலும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

கோவை சிங்காநல்லூரில் ஒரு மாவுக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையிலும் மாலையிலும் இட்லி மாவு பாக்கெட்டுகளை ஒரு ஸ்கூட்டரில் ஏற்றி, பீளமேடு, கணபதி, சரவணம்பட்டி வரை மளிகைக் கடைகளுக்குப் போட்டு வருகிறார்கள். ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் ஓட்டம். வருடம் 18,000 கிலோமீட்டர் ஆகிறது. வண்டியை ஐந்து வருடம் வைத்திருந்து விற்பதாகத் திட்டம். இது உதாரணக் கடைதான்; கணக்கின் எண்களும் கோவைச் சந்தையை ஒட்டி நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் எண் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

பெட்ரோல் வண்டி ஆன்-ரோடு விலை ஒரு லட்சம். சுமையோடு கடைக்குக் கடை நின்று நின்று போகும் வண்டிக்கு லிட்டருக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ் சுமையில்லாத வண்டிக்கு உரியது. அப்படியானால் வருடத்துக்கு 400 லிட்டர். தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை 2022 மே மாதத்திலிருந்து 2025 வரை பெரிதாக நகரவில்லை. அன்று சென்னையில் லிட்டர் 102 ரூபாய் 63 பைசா. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் அளவுக்குக் குறைந்தது. முழு எண்ணாக 100 ரூபாய் என்று வைத்தால் வருடம் 40,000 ரூபாய். ஆயில், பெல்ட், ஃபில்டர், பிரேக், டயர் எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஐம்பது பைசா, அதாவது வருடம் 9,000. ஐந்து வருடம் கழித்து விற்றால் 25,000 கிடைக்கும்.

மின் வண்டி ஆன்-ரோடு விலை 1,40,000. இதன் மின்செலவைக் கணக்கிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஷோரூமில் சொல்லும் எண், பேட்டரியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் அளந்தது. நாம் பணம் கட்டுவது சுவரில் இருக்கும் மீட்டருக்கு. சார்ஜர் சூடாவதிலும் பேட்டரி ஏறுவதிலும் ஒரு பங்கு வீணாகிறது. அதையும் நாம்தான் கட்டுகிறோம். சுமையையும் இந்த இழப்பையும் சேர்த்து, சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர் என்று எடுப்பது நியாயமாக இருக்கும். வருடத்துக்கு 720 யூனிட். கடை இணைப்பில் யூனிட் 10 ரூபாய் என்றால் 7,200 ரூபாய். வீட்டு இணைப்பில் போட்டால் மலிவு என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வண்டி இரண்டு மாத பில்லில் 120 யூனிட் கூட்டும். வீட்டு உபயோகம் ஏற்கெனவே 400 யூனிட்டுக்கு மேல் இருந்தால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, பழைய யூனிட்டுகளுக்கும் கூடுதலாகக் கட்ட நேரும். பராமரிப்பில் எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் இல்லை. டயரும் பிரேக்கும் உண்டு. கிலோமீட்டருக்குக் கால் ரூபாய், வருடம் 4,500. ஐந்து வருடப் பழைய பேட்டரியோடு விற்றால் பத்தாயிரத்துக்கு மேல் நம்புவதற்கில்லை.

மூன்றாம் நபர் காப்பீட்டில் மின் வண்டிக்குச் சலுகை இருக்கிறது. ஆனால் இந்த அளவு வண்டிக்கு அது வருடம் நூறு ரூபாய் சொச்சம்தான். ஓட்டுநர் சம்பளம் இரண்டுக்கும் ஒன்று. ஆகவே இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

இனி கூட்டல். வருடாவருடம் ஒரே தொகை ஐந்து வருடம் வந்தால், 12 சதவீத வட்டியில் அதன் இன்றைய மதிப்பு அந்தத் தொகையைப் போல 3.6 மடங்கு. 24 சதவீதத்தில் 2.75 மடங்கு. பெட்ரோல் வண்டிக்கு வருடச் செலவு 49,000. இதன் இன்றைய மதிப்போடு வண்டி விலையைக் கூட்டி, விற்று வரும் பணத்தின் இன்றைய மதிப்பைக் கழித்தால், 12 சதவீதத்தில் மொத்தம் சுமார் 2,62,000 ரூபாய். மின் வண்டிக்கு வருடச் செலவு 11,700; மொத்தம் சுமார் 1,76,500. வித்தியாசம் 86,000. இரண்டு வட்டிப் பணத்தில் பார்த்தால் பெட்ரோல் 2,26,000, மின்சாரம் 1,68,700. வித்தியாசம் 57,000 ஆகக் குறைகிறது. குறைந்தாலும் மின் வண்டிதான் முன்னால் நிற்கிறது. இதோடு முடித்துக்கொண்டால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. பேட்டரி என்ற கேள்வி அப்படியே மிச்சமிருக்கிறது.

புது வண்டி ஒரு முழு சார்ஜில் உண்மையாக 90 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், வருடம் 18,000 கிலோமீட்டருக்கு 200 முழுச் சுற்று. ஐந்து வருடத்தில் ஆயிரம். லித்தியம் பேட்டரி ஒரு நாள் காலையில் செத்துக் கிடப்பது அபூர்வம். அது மெல்ல மெல்லக் கொள்ளளவை இழக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு போன பிறகு 90 என்பது 72 ஆகிவிடும். கணக்குப்படி 72 என்பது 60-ஐ விட அதிகம்தான். ஆனால் மழை நாளில் சுற்றிப் போக வேண்டியிருக்கும். ஒரு கடையில் மாவு தீர்ந்துவிட்டது என்று நடுவில் மறுபடி ஒரு நடை போக வேண்டியிருக்கும். கடைசிப் பத்து கிலோமீட்டரில் ஓட்டுபவருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் கட்டத்தில் பேட்டரி உயிரோடுதான் இருக்கும். நம் வழிக்குத்தான் போதாது. மாற்ற வேண்டிய நாளை பேட்டரியின் ஆயுள் மட்டும் தீர்மானிப்பதில்லை. நம் தினசரி ஓட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. மாதத்தில் ஒரு நாள், அதே வழியில், அதே சுமையோடு, 100 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை இறங்க எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். திரையில் வண்டியே காட்டும் மீதத் தூரத்தை இதற்கு நம்ப வேண்டாம். அது அண்மையில் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் ஊகம். நோட்டில் உள்ள எண் மெதுவாக இறங்கினால் இயல்பு. இரண்டு மூன்று மாதத்தில் திடீரென்று விழுந்தால் பேட்டரிக்குள் ஏதோ ஒரு செல் பழுதாகியிருக்கலாம். வாரண்டி இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

அந்த வாரண்டியைத்தான் டெலிவரி வியாபாரிகள் சரியாகப் படிப்பதில்லை. "மூன்று வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது" என்பது சந்தையில் பழகிய வாசகம். காதில் விழுவது மூன்று வருடம். நம் மாவு வண்டி மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறது. வாரண்டி இருபது மாதத்தில் முடிந்துவிடும். கூடுதல் பணம் கட்டி எட்டு வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர் என்று நீட்டித்தாலும் நாலரை வருடத்துக்குள் தீர்ந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு எழுதிய வாரண்டி வணிக ஓட்டத்துக்குச் செல்லுமா என்பதையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தக் கிலோமீட்டர் மின் வண்டியை லாபமாக்குகிறதோ, அதே கிலோமீட்டர்தான் அதன் காப்பையும் தின்கிறது.

ஆகவே மோசமான நிலையையே எடுப்போம். நான்காம் வருட முடிவில் 60,000 ரூபாய்க்குப் புது பேட்டரி போட வேண்டி வருகிறது. அதன் இன்றைய மதிப்பு ஒரு வட்டியில் சுமார் 38,000. இரண்டு வட்டியில் 25,000. புது பேட்டரி போட்ட வண்டி கூடுதல் விலைக்குப் போகும் என்றாலும் அதை நம்பாமல் விற்பனை விலையைப் பத்தாயிரமாகவே வைக்கிறேன். அப்போதும் மின் வண்டி 12 சதவீதத்தில் 48,000 ரூபாயும், 24 சதவீதத்தில் 32,000 ரூபாயும் மிச்சம் காட்டுகிறது.

இங்கே வட்டி செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். வட்டி ஏறினால் மின் வண்டிக்குப் பாதகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். முதலில் அதிகம் கொடுத்துப் பிறகு சேமிக்கும் எதற்கும் அது பொருந்தும். ஆனால் பேட்டரி என்ற பிந்திய செலவும் மின் வண்டியிடம் இருக்கிறது. வட்டி ஏறும்போது சேமிப்பு சுருங்குவதைப் போலவே அந்தச் செலவும் சுருங்குகிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடினால் இரண்டு வண்டியும் சமமாகும் என்று தேடினால் இது தெளிவாகத் தெரியும். பேட்டரி மாற்றத் தேவையே இல்லை என்றால், ஒரு வட்டியில் நாளுக்கு 22 கிலோமீட்டரிலும், இரண்டு வட்டியில் 26 கிலோமீட்டரிலும் சமமாகிறது. பேட்டரி மாற்ற வேண்டும் என்றால் அது 39-க்கும் 41-க்கும் நகர்கிறது. வட்டி இரண்டு மடங்கானாலும் நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் நகர்வதில்லை. பேட்டரி ஒன்றே பதினைந்து முதல் பதினேழு கிலோமீட்டர் நகர்த்துகிறது. வட்டி விகிதத்தைப் பற்றி நீண்ட நேரம் வாதாடுவதைவிடப் பேட்டரியைப் பற்றித் துருவிக் கேட்பதில்தான் பணம் இருக்கிறது.

இன்னும் இரண்டு செலவுகள் விலைப்பட்டியலில் தெரியாதவை. ஒன்று கடன். மின் வண்டி பழசானால் என்ன விலைக்குப் போகும் என்று கடன் கொடுப்பவருக்கே உறுதியில்லாததால் பல இடங்களில் கூடுதல் வட்டி போடுகிறார்கள். ஒரு லட்சம் கடனை 36 மாதத் தவணையில் 12 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதத்துக்கு வாங்கினால், மாதத் தவணை 3,321-லிருந்து 3,716 ஆகிறது. மூன்று வருட வித்தியாசத்தின் இன்றைய மதிப்பு, ஒரு வட்டிப் பணத்தில், சுமார் 12,000 ரூபாய். இதை மட்டும்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். வண்டியின் முழு விலையையும் எழுதி, அதற்கான தவணையையும் எழுதினால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகிவிடும். நான் பார்த்த ஒப்பீட்டுக் கணக்குகளில் அடிக்கடி கண்ட பிழை இதுதான்.

மற்றொன்று வண்டி நிற்கும் நாள். பெட்ரோல் ஸ்கூட்டர் நின்றால் தெருமுனை மெக்கானிக் மாலைக்குள் கிளப்பிக் கொடுப்பார். மின் வண்டியில் கன்ட்ரோலரோ சார்ஜரோ போனால் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையம்தான் கதி. உதிரி பாகம் வரும்வரை வண்டி அங்கேயே நிற்கும். மாவு புளிக்கும்; அது காத்திருக்காது. பெட்ரோல் வண்டியைவிட வருடத்துக்குப் பதினைந்து நாள் கூடுதலாக நின்று, அந்த நாட்களில் நாளுக்கு 400 ரூபாய் வாடகையில் வேறு வண்டி எடுத்தால் வருடம் 6,000. ஐந்து வருடத்துக்கு இன்றைய மதிப்பு 21,600. பேட்டரி, கூடுதல் வட்டி, நிற்கும் நாள் மூன்றையும் ஒன்றாகச் சுமத்தினால், 60 கிலோமீட்டர் ஓடும் கடைக்கு மிஞ்சுவது சுமார் 14,000 ரூபாய்தான். சமப்புள்ளி நாளுக்கு 54 கிலோமீட்டருக்கு ஏறிவிடுகிறது.

பொதுச் சார்ஜிங் நிலையத்தை நம்பி வாங்குவதும் ஒரு பொறி, ஆனால் காரணம் பலர் நினைப்பது இல்லை. யூனிட் 20 ரூபாய் என்றாலும் கிலோமீட்டருக்கு எண்பது பைசாதான். பெட்ரோலைவிட மிகக் குறைவு. நட்டம் காத்திருக்கும் நேரத்தில் வருகிறது. காலை ஆறரை மணிக்கு மாவு எதிர்பார்க்கும் கடைக்காரர் எட்டு மணிக்கு வரும் மாவை வாங்க மாட்டார். இரவில் கடையிலேயே ஏற்றி, அடுத்த நாள் முழுதும் ஓட்ட முடிகிற பேட்டரியை வாங்க வேண்டும். அதைவிடப் பெரியதும் வேண்டாம். 30 கிலோமீட்டர் ஓடும் கடை 90 கிலோமீட்டர் பேட்டரிக்குப் பணம் கொடுப்பது வீண். சிறிய பேட்டரி வண்டி எடுத்தால் விலை வித்தியாசமே சுருங்கி, சமப்புள்ளியும் கீழே இறங்கும்.

பழைய கணக்குகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்பதற்கு அரசின் விலைத் தலையீடும் காரணம். 2021 ஜூன் முதல் ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில் இருசக்கர மின் வண்டிக்கு ஒரு கிலோவாட்-மணி பேட்டரிக்கு 15,000 ரூபாய் மானியம், விலையில் 40 சதவீதம் என்ற உச்சவரம்போடு கிடைத்தது. 2023 ஜூனில் அது 10,000 ஆகவும், வரம்பு 15 சதவீதமாகவும் வெட்டப்பட்டது. பிறகு வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் முதலில் 5,000. 2025 ஏப்ரலில் அது 2,500 ஆகக் குறைந்தது, ஒரு வண்டிக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கிடைக்கவில்லை. மறுபக்கம் 2025 செப்டம்பர் 22 அன்று 350 சிசி வரையான பெட்ரோல் இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மின் வண்டிக்கு அது 2019 முதல் 5 சதவீதமே. மானியம் கரைந்து, பெட்ரோல் வண்டி விலையும் இறங்கியதால், இரண்டுக்கும் இடையிலான விலை இடைவெளி இருபக்கமும் விரிந்தது. 2022-இல் வாங்கிய நண்பர் லாபம் பார்த்தார் என்பது இன்றைய கடைக்குச் சான்று ஆகாது.

வருமான வரியிலும் ஒரு சலுகை பேசப்படுகிறது. மின் வண்டிக்குத் தேய்மானம் 40 சதவீதம் எழுதலாம், சொந்த வியாபாரத்துக்கு ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 15 சதவீதம். முதல் வருடத்தில் ஒன்றுக்கு 56,000, மற்றதற்கு 15,000 கழிவு. முன்னதாகக் கிடைக்கும் வரிச் சேமிப்புக்கு இன்றைய மதிப்பில் நிச்சயம் எடை உண்டு. ஆனால் விற்றுமுதலில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை வருமானமாகக் காட்டும் அனுமான முறையில் வரி கட்டும் சிறு கடைக்கு இது கிடைக்காது. அந்த முறையில் தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. நம் மாவுக்கடை பெரும்பாலும் அந்த வகைதான். அதனால் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. முறையாகக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் சேர்த்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு இது. நாளுக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே ஓடும் கடை, இன்றைய விலையில் பெட்ரோல் வண்டியை வைத்திருப்பதே நல்லது. 55-க்கு மேல் ஓடி, இரவில் சொந்த இடத்தில் சார்ஜ் போட முடிந்தால் மின் வண்டியை வாங்கலாம். பேட்டரி மாற்றும் செலவையும் தாங்கி அது நிற்கும். நடுவில் இருப்பவர்களுக்கு விடை வண்டியின் தொழில்நுட்பத்தில் இல்லை. எந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிறது, சர்வீஸ் நிலையம் எத்தனை நாளில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. ஏற்கெனவே அந்த வண்டியை டெலிவரிக்கு ஓட்டுகிற இரண்டு பேரிடம் பின்னதைக் கேட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் ஓட்டம் எத்தனை கிலோமீட்டர் என்பது தெரிய வேண்டும். ஷோரூமுக்குப் போவதற்கு முந்தைய ஒரு மாதம், காலையில் வண்டி எடுக்கும்போதும் இரவில் நிறுத்தும்போதும் மீட்டரைக் குறித்து வையுங்கள்.